உறங்கும் திரையும் விழித்திருக்கும் ஒலியும்

நுழையும்முன்

திறன்பேசியில் பாடலோ வலையொலியோ ஒலிநூலோ கேட்டுக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொள்கிறது; ஒலியும் உடன் நின்றுவிடுகிறது. பேசி பழுதாகிவிட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பேசி தனக்கு இடப்பட்ட கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றியிருக்கக்கூடும். திரை அணைந்தபின் எந்தச் செயலி விழித்திருக்கலாம், எது உறங்கவேண்டும் என்பதற்கு இயக்க அமைப்பில் விதிகள் உள்ளன. அவ்விதிகளை அறிந்தவர், ஒலி நின்ற நேரத்தையும் அப்போது பூட்டுத்திரையில் தோன்றுவதையும் கொண்டே காரணத்தைக் கண்டறியலாம். அதற்கான வழியை இப்பாடம் விளக்குகிறது.

திரையும் மின்கலமும்

திறன்பேசியில் மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடும் உறுப்புகளுள் திரை முதன்மையானது. அதற்கு அடுத்த நிலையில் மையச் செயலகமும், இணையத்தோடு தொடர்புகொள்ளும் வானொலி அலைப்பகுதியும் உள்ளன. பயன்படுத்துபவர் பேசியைப் பூட்டியதும் முதலில் திரை அணைகிறது. பிறகு வேறு வேலை எதுவும் இல்லையெனில் மையச் செயலகமும் உறங்கிவிடுகிறது. அழைப்போ செய்தியோ வரும்போது அது விழித்தெழுகிறது.

இந்த உறக்கத்தின் மதிப்பை ஒரு கணக்கால் உணரலாம். 5000 மில்லியாம்பியர் மணி கொள்ளளவுள்ள மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பேசி உறங்கும்போது சராசரியாக 10 மில்லியாம்பியர், திரை அணைந்து ஒலி மட்டும் கேட்கும்போது 60 மில்லியாம்பியர், திரை ஒளிரும்போது 350 மில்லியாம்பியர் செலவாவதாகக் கொள்வோம். இவை கணக்கிற்காகக் கொண்ட எண்கள். பேசிக்குப் பேசி மாறும். இவ்வெண்களின்படி, உறக்கத்தில் மின்கலம் 500 மணி நேரம் தாங்கும். ஒலி மட்டும் கேட்டால் ஏறத்தாழ 83 மணி நேரம் தாங்கும். திரையை அணையவிடாமல் வைத்திருந்தால் 14 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஒலி நின்றுவிடுகிறது என்பதற்காகத் திரையை எரியவிட்டுக் கேட்பவர், ஒரு மணி நேரக் கேட்பிற்கு 60 மில்லியாம்பியர் மணிக்குப் பதிலாக 350 மில்லியாம்பியர் மணியைச் செலவிடுகிறார். அதாவது, ஏறத்தாழ ஆறு மடங்கு கூடுதலாகச் செலவிடுகிறார். காதால் கேட்கும் பணிக்குத் திரையின் ஒளி சிறிதும் பயன்படுவதில்லை. எனவே திரை உறங்க, ஒலி மட்டும் விழித்திருப்பதே முறையான நிலை. அந்நிலை எவ்வாறு வாய்க்கிறது என்பதே வினா.

இரு வழிகள், ஓர் இடம்

இவ்வினாவிற்குத் திறன்பேசி உலகின் இரு பெரும் இயக்க அமைப்புகளும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து விடை தேடின.

ஐபோன் 2007ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிறர் உருவாக்கிய செயலிகள் அடுத்த ஆண்டு அதில் இடம்பெற்றன. எனினும், திரையில் இல்லாத செயலி இயங்குவதற்கு இசைவு தரப்படவில்லை. பேசியோடு வந்த இசைச் செயலி மட்டும் பின்னணியில் ஒலித்தது. 2010ஆம் ஆண்டில் வெளியான நான்காம் பதிப்பில்தான் சில பணிகளுக்கு மட்டும் கதவு திறக்கப்பட்டது. ஒலி கேட்பது அவற்றுள் ஒன்று. அன்றுமுதல் ஐபோன் செயலி தன் ஒலி எத்தன்மையது என்று முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். விளையாட்டுச் செயலியின் பின்னணி ஓசையைப் போன்றது என்று அறிவித்தால், பேசி பூட்டப்பட்டதும் ஒலி நிற்கும். கேட்பதற்கென்றே ஒலிப்பது என்று அறிவித்து, பின்னணி உரிமையும் பெற்றிருந்தால், பூட்டியபின்னும் ஒலி தொடரும்.

ஆண்ட்ராய்டு இதற்கு நேர்மாறாகத் தொடங்கியது. 2008ஆம் ஆண்டில் முதல் ஆண்ட்ராய்டு பேசி விற்பனைக்கு வந்தபோதே, செயலிகள் பின்னணியில் இயங்குவதற்கு மிகுந்த உரிமை இருந்தது. உரிமை மிகுந்ததால் தொல்லையும் மிகுந்தது. பத்து இருபது செயலிகள் தத்தம் வேலையாக அடிக்கடி பேசியை எழுப்பின. பையில் கிடந்த பேசியின் மின்கலம் மாலைக்குள் வற்றியது. ஆகவே கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. 2015இல் வெளியான ஆறாம் பதிப்பு, அசையாமல் கிடக்கும் பேசியை ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்த்தியது. 2016இல் வந்த ஏழாம் பதிப்பு, நடமாடும் ஒருவரின் பையில் இருக்கும் பேசிக்கும் மெல்லிய உறக்கத்தைக் கொண்டுவந்தது. 2017இல் வந்த எட்டாம் பதிப்பு, திரையில் இல்லாத செயலிகளின் பின்னணிப் பணிகளுக்குச் சில நிமிடங்களே தவணை தந்தது. 2023இல் வந்த பதினான்காம் பதிப்பு, பின்னணியில் தொடர விரும்பும் செயலி தன் பணியின் வகையையும் சொல்லவேண்டும் என்றது.

பூட்டிய வீட்டைச் சிறிது திறந்தது ஒன்று. திறந்த வீட்டைச் சிறிது சிறிதாகச் சாத்தியது மற்றொன்று. இரண்டும் இன்று வந்து நிற்கும் இடம் ஒன்றே: ஒலிக்க விரும்பும் செயலி அதனை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும்.

விழித்திருக்க உரிமை கோருதல்

ஆண்ட்ராய்டில் இவ்வறிவிப்பு 'முன்னணிப் பணி' எனப்படும் முறையில் நிகழ்கிறது. செயலியின் பக்கம் திரையில் இல்லாவிட்டாலும், அது செய்யும் வேலையைப் பயன்படுத்துபவர் உணர்ந்துகொண்டிருக்கிறார் என்பதே 'முன்னணி' என்னும் சொல்லின் பொருள். ஒலி காதில் விழுவதால் பாடலும் பாடமும் இவ்வகையில் அடங்கும். செயலியை உருவாக்குபவர் அதன் உரிமைக்கோப்பில் பின்வரும் வரியைச் சேர்க்கிறார்.

```xml
android:foregroundServiceType="mediaPlayback"
```

இவ்வரி மட்டும் போதாது. செயலி ஒலிக்கத் தொடங்கும்போது அறிவிப்புப் பட்டையில் ஓர் அறிவிப்பையும் காட்டவேண்டும். பாடத்தின் பெயர், நிறுத்தும் பொத்தான், அடுத்த பகுதிக்குச் செல்லும் பொத்தான் ஆகியவற்றோடு பூட்டுத்திரையில் தோன்றும் சிறு பலகை அதுவே. பலர் அதனை அழகுக்காக வைக்கப்பட்ட வசதி என்று எண்ணுகின்றனர். அது செயலி பெற்றுள்ள உரிமைச்சீட்டு. பேருந்தில் பயணச்சீட்டைக் கையில் வைத்திருப்பவரை நடத்துநர் இறக்கிவிடுவதில்லை. அதுபோல, அறிவிப்பைக் காட்டிநிற்கும் செயலியை இயக்க அமைப்பு எளிதில் நிறுத்துவதில்லை.

இதனோடு இணைந்த மற்றொரு கூறு 'விழிப்புப் பூட்டு'. மையச் செயலகம் உறங்கிவிடாதபடி செயலி பிடித்துவைத்திருக்கும் பிடி அது. ஒலி வெளிவந்துகொண்டிருக்கும்வரை ஆண்ட்ராய்டின் ஒலிப்பிரிவே இப்பிடியை வைத்திருக்கும். ஆனால் ஓர் இயல் முடிந்து அடுத்த இயல் தொடங்குவதற்கு இடைப்பட்ட சில நொடிகளில் ஒலி இல்லை. ஒலிப்பிரிவின் பிடியும் தளர்கிறது. செயலி தனக்கென்று ஒரு பிடியைக் கேட்டுப் பெற்றிருக்காவிட்டால், அந்த இடைவெளியில் மையச் செயலகம் உறங்கிவிடக்கூடும். பாடல் நடுவில் நிற்காமல் பாடலின் முடிவில் மட்டும் நின்றுபோகும் செயலிகள் உள்ளன. அவற்றின் குறை பெரும்பாலும் இதுவே.

சாலையில் ஓர் ஆய்வு

விதிகளை ஒரு சூழலில் பொருத்திப் பார்ப்போம். மதுரையையும் கொல்லத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலையில், மேற்குத்தொடர்ச்சி மலையைப் பக்கத்தில் கொண்டு, இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பேருந்தில் அரைமணி நேர அளவிலான பயணம். பார்வைத்திறன் குறைந்த மேனிலை வகுப்பு மாணவி ஒருவர், இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூரிலுள்ள பள்ளிக்குத் தம்பியுடன் நாள்தோறும் சென்றுவருவதாகக் கொள்வோம். அச்சிட்ட நூலை நெடுநேரம் படிக்க இயலாத அவருக்குப் பாடம் செவிவழியாகவே வந்து சேர்கிறது. பேசியைப் பூட்டிப் பையில் வைத்துக்கொண்டு கேட்பதே அவருடைய வழக்கம். ஒலி நின்றால் நெரிசலில் பையைத் திறந்து, பேசியை எடுத்து, பூட்டை நீக்கி, நின்ற இடத்தைத் தேடவேண்டும். மற்றவர்க்குச் சிறு இடையூறாக இருப்பது அவருக்கு அன்றைய பாடத்தின் இழப்பாகிவிடுகிறது.

*முதல் நாள்.* பாடத்தைப் பதிவுசெய்த காணொலியொன்றைத் திறந்து, ஒலி தொடங்கியதும் பேசியைப் பூட்டுகிறார். பூட்டிய கணத்திலேயே ஒலி நிற்கிறது. மீண்டும் முயன்றாலும் அவ்வாறே நிகழ்கிறது. கணமும் தாழாமல் நிற்பது ஒரு குறிப்பு. பேசியின் மின்சேமிப்பு விதிகள் செயல்படச் சிறிதளவாவது நேரம் ஆகும். பூட்டிய நொடியிலேயே நிற்கிறதென்றால், பெரும்பாலும் செயலி தானாகவே நிறுத்திக்கொண்டது என்பது பொருள். காணொலி பார்ப்பதற்குரியது, திரை இல்லாதபோது நிறுத்துக என்று அதனை அமைத்திருப்பார்கள். சில சேவைகளில் திரை அணைந்தபின் கேட்கும் வசதி தனிக் கட்டணத்திற்குரியது. யூடியூப் செயலியின் கட்டணச் சந்தாவில் அடங்கும் வசதிகளுள் இதுவும் ஒன்று. இங்கு மின்கல அமைப்புகளை எத்தனை மாற்றினாலும் பயன் இல்லை. ஒலிக்கென்றே அமைந்த செயலிக்கு மாறுவதே தீர்வு.

*இரண்டாம் நாள்.* பாடங்களை ஒலிக்கோப்புகளாகப் பேசியில் சேமித்து, அவற்றை இயக்கும் சிறிய செயலியொன்றில் கேட்கிறார். பூட்டியபின்னும் ஒலி தொடர்கிறது. பேருந்து ஊர் எல்லையைத் தாண்டிச் சில நிமிடங்களில் சொற்றொடரின் நடுவே அறுபட்டு நிற்கிறது. பேசியை வாங்கிப் பார்த்த தம்பி, "அக்கா, பூட்டுத்திரையில ஒண்ணுமே இல்ல" என்கிறான். நிற்பதற்கு முன்னும் அங்கு எதுவும் தோன்றியிருக்கவில்லை. செயலியைத் திறந்தால் பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது. கேட்ட இடம் அதன் நினைவில் இல்லை.

இம்மூன்று குறிப்புகளும் ஒன்றையே சுட்டுகின்றன. அச்செயலி முன்னணிப் பணி என்று அறிவிக்கவில்லை. உரிமைச்சீட்டு இல்லாமல் ஒலித்தது. தவணை முடிந்ததும் இயக்க அமைப்பு அதனை உறையவைத்தது அல்லது நினைவகத்திலிருந்து நீக்கியது. கேட்ட இடம் மறந்துபோனது, நீக்கப்பட்டதற்கான சான்று. இக்குறையைச் செயலியை உருவாக்கியவரே நீக்கமுடியும். பயன்படுத்துபவர் செய்யத்தக்கது, பூட்டுத்திரையில் அறிவிப்புப் பலகையைக் காட்டும் வேறொரு செயலியைத் தேர்ந்தெடுப்பதே. புதிய செயலியொன்றை நிறுவியதும், ஒலியைத் தொடங்கிப் பேசியைப் பூட்டி, திரையை ஒருமுறை எழுப்பிப் பார்த்தால் போதும். பலகை தோன்றினால் அச்செயலி முறைப்படி அறிவித்திருக்கிறது என்று அறியலாம்.

*மூன்றாம் நாள்.* முறையான ஒலிநூல் செயலியொன்றை நிறுவி, இணையத்திலிருந்து நேரடியாகக் கேட்கிறார். பூட்டுத்திரையில் பலகை தோன்றுகிறது. வழியின் நடுவே ஒலி நிற்கிறது. பலகை அப்படியே இருக்கிறது. அதில் காத்திருப்பைக் குறிக்கும் வட்டம் சுழல்கிறது. சிறிது தொலைவு சென்றதும் ஒலி தானாகவே மீள்கிறது.

இங்குச் செயலி விழித்துத்தான் இருக்கிறது. அதற்குக் கிடைக்கவேண்டிய ஒலித்தரவு கிடைக்கவில்லை. இணையத்திலிருந்து கேட்கும் செயலிகள் அடுத்த சில நொடிகளுக்கான ஒலியை முன்னரே பெற்றுச் சேமித்து வைத்துக்கொள்ளும். அம்முன்சேமிப்பு 50 நொடிகளுக்குரியது எனக் கொள்வோம். அலைவரிசை இழந்த இடத்தில் ஒலி நிற்பதில்லை. முன்சேமிப்புத் தீர்ந்த இடத்தில்தான் நிற்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பேருந்து 50 நொடிகளில் ஏறத்தாழ 400 மீட்டர் கடந்துவிடும். ஆகவே ஒலி நிற்கும் இடத்தில் அலைவரிசைக் கோடுகள் முழுமையாகத் தெரிந்தாலும், குறை பின்னால் கடந்துவந்த இடத்தில் இருந்திருக்கலாம். கோடுகளைப் பார்த்துவிட்டு, "இணையம் நன்றாக இருக்கிறது, செயலியில்தான் பழுது" என்று முடிவுசெய்வது பொருந்தாது. காலையில் வீட்டிலேயே அன்றைய இயலைப் பதிவிறக்கிக்கொண்டால் இக்குறை முற்றிலும் நீங்கும். அலைப்பகுதி ஓய்வெடுப்பதால் மின்செலவும் குறையும்.

*நான்காம் நாள்.* அதே செயலியில், இயலைப் பதிவிறக்கிக்கொண்டு கேட்கிறார். பலகை தோன்றுகிறது, இணையமும் தேவையில்லை. செல்லும்போது குறை இல்லை. மாலையில் திரும்பும்போது, மின்கலத்தில் 15 விழுக்காடே எஞ்சியிருந்த நிலையில், இருபது நிமிடங்களுக்குப் பின் ஒலி நிற்கிறது. பூட்டுத்திரையைப் பார்த்த தம்பி, "முன்னாடி இருந்துச்சுல்ல, அந்தப் பலகையக் காணோம்க்கா" என்கிறான்.

முன்பு இருந்த பலகை இப்போது இல்லை என்பதே இங்கு முதன்மையான குறிப்பு. செயலி உரிமையைப் பெற்றிருந்தது; ஆயினும் வெளியேற்றப்பட்டது. பேசித் தயாரிப்பு நிறுவனங்கள் சில, ஆண்ட்ராய்டின் பொது விதிகளுக்கு மேலாகத் தங்களுடைய மின்சேமிப்பு முறைகளையும் சேர்த்துள்ளன. அவை, முன்னணிப் பணி என்று முறையாக அறிவித்த செயலிகளையும் நிறுத்திவிடுவதுண்டு. மின்கலம் குறைந்து, கூடுதல் மின்சேமிப்பு நிலை இயங்கும்போது இது நேர வாய்ப்பு மிகுதி. எந்த நிறுவனத்தின் பேசியில் எந்த அமைப்பை மாற்றவேண்டும் என்று செயலி உருவாக்குநர்களே தொகுத்துவைத்துள்ள dontkillmyapp.com என்னும் இணையதளம், இச்சிக்கல் எவ்வளவு பரவலானது என்பதைக் காட்டும்.

இதற்கு மட்டுமே பேசியின் அமைப்புகளில் தீர்வு உள்ளது. அமைப்புகளில் செயலிகளின் பட்டியலைத் திறந்து, உரிய செயலியைத் தேர்ந்தெடுத்து, அதன் மின்கலப் பகுதிக்குச் செல்லவேண்டும். அண்மைப் பதிப்புகளில் அங்கு மூன்று தெரிவுகள் இருக்கும். 'Restricted' என்பது பின்னணி இயக்கத்தைத் தடுக்கும். 'Optimized' என்பது பொது விதிகளுக்கு உட்படுத்தும். இதுவே இயல்பாக அமைந்திருக்கும். 'Unrestricted' என்பது மின்சேமிப்புக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கு அளிக்கும். ஒலிநூல் செயலிக்கு மட்டும் மூன்றாவதைத் தரலாம். எல்லாச் செயலிகளுக்கும் அதனைத் தந்தால், 2015க்கு முன்பிருந்த நிலைக்கே பேசி திரும்பிவிடும். மாலைக்குள் மின்கலம் வற்றும். இறுதியில் ஒலிநூலும் நிற்கும்.

இந்நான்கிலும் அடங்காத ஐந்தாம் வகையும் உண்டு. ஒலி நிற்கிறது, பலகையும் இருக்கிறது, அதில் இடைநிறுத்தக் குறி தெரிகிறது. அழைப்பு வந்திருக்கலாம்; வேறொரு செயலி ஒலியுரிமையைப் பெற்றிருக்கலாம்; நெரிசலில் காதொலிப்பானின் கம்பி கழன்றிருக்கலாம். கம்பி கழன்றதும் ஒலி வெளியே அனைவருக்கும் கேட்டுவிடாதபடி, செயலி தானே இடைநிறுத்திக்கொள்கிறது. இதற்கும் மின்சேமிப்பிற்கும் தொடர்பு இல்லை.

அசையாத பேசி

பேருந்தில் செல்லும் பேசிக்கும் வீட்டில் வைத்த பேசிக்கும் உறக்கத்தில் வேறுபாடு உண்டு. ஆறாம் பதிப்பு கொண்டுவந்த ஆழ்ந்த உறக்கத்திற்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன: திரை அணைந்திருக்கவேண்டும், மின்னேற்றியில் இணைந்திருக்கக்கூடாது, பேசி சிறிது நேரமாக அசையாமல் இருக்கவேண்டும். ஓடும் பேருந்தில் மூன்றாவது நிறைவேறுவதில்லை. இரவில் வீட்டு மாடத்தில் வைத்த பேசியில் மூன்றும் நிறைவேறிவிடுகின்றன.

மார்கழி விடியலில் திருவில்லிபுத்தூர்த் தெருவொன்றில், முதிய அம்மையார் ஒருவர் நாள்தோறும் ஒரு திருப்பாவைப் பாசுரத்திற்கான விளக்கவுரையைக் கேட்பதாகக் கொள்வோம். முப்பது பாசுரங்களுக்கு முப்பது நாள். புதிய உரை அதிகாலை நான்கு மணிக்கு இணையத்தில் வெளியாகிறது. அதனைத் தானாகவே பதிவிறக்கும்படி செயலி அமைக்கப்பட்டுள்ளது. ஐந்து மணிக்கு அம்மையார் பேசியை எடுத்தால், முதல் நாளின் உரையே இருக்கிறது. பூட்டை நீக்கிச் சிறிது நேரத்தில் புதியது வந்துசேர்கிறது.

இங்கும் பழுது எதுவும் இல்லை. ஆழ்ந்த உறக்கத்தில் செயலிகளின் இணைய வாயில் மூடப்படுகிறது. இடையிடையே சிறிது நேரம் மட்டும் வாயில் திறந்து, காத்திருக்கும் வேலைகள் அனைத்தும் ஒன்றாக முடிக்கப்படுகின்றன. உறக்கம் நீள நீள, இரு திறப்புகளுக்கு இடைப்பட்ட காலமும் நீள்கிறது. நள்ளிரவிற்கு முன்பே உறங்கத் தொடங்கிய பேசிக்கு நான்கு மணி அளவில் திறப்புகள் அரிதாகியிருக்கும். ஒலித்துக்கொண்டிருக்கும் முன்னணிப் பணியை இவ்விதி தடுப்பதில்லை. இன்னும் தொடங்காத பின்னணி வேலையையே ஒத்திவைக்கிறது. எழுப்பு மணி மட்டும் நேரம் தவறுவதில்லை; உறக்கத்திலும் பேசியை எழுப்பும் தனியுரிமை அதற்கு வழங்கப்பட்டுள்ளது.

தீர்வு எளியது. இரவில் பேசியை மின்னேற்றியில் இணைத்துவைத்தால் இரண்டாம் நிபந்தனை நிறைவேறாது. ஆழ்ந்த உறக்கம் தொடங்காது. நான்கு மணி உரை ஐந்து மணிக்குள் வந்திருக்கும்.

காரணம் காணும் முறை

இப்பாடத்தில் கண்ட நிகழ்வுகளை ஒருங்கே நோக்கினால், கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டே என்பது புலப்படும். பூட்டிய எவ்வளவு நேரத்திற்குப் பின் ஒலி நின்றது? நின்றபின் பூட்டுத்திரையில் என்ன இருக்கிறது? உடனே நின்றால், செயலியின் அமைப்பே காரணம். பலகை தொடக்கம் முதலே இல்லாமல் சில நிமிடங்களில் நின்றால், செயலி அறிவிக்கவில்லை. பலகை இருந்து வட்டம் சுழன்றால், இணையம் இல்லை. பலகை இருந்து மறைந்தால், பேசியின் மின்சேமிப்பு வெளியேற்றியது. பலகை இருந்து இடைநிறுத்தக் குறி தெரிந்தால், வேறொன்று குறுக்கிட்டது.

செயலியை நீக்கி மீண்டும் நிறுவுவதும் பேசியை அணைத்து எழுப்புவதும் பலரும் முதலில் செய்பவை. மேற்கண்ட ஐந்தனுள் எதற்கும் அவை நிலையான தீர்வு ஆவதில்லை. காரணத்தை அறிந்தபின் செய்யும் ஒரு மாற்றமே போதுமானது. கூட்டம் மிகுந்த பேருந்தில் நின்றுகொண்டு செவியால் பாடம் படிக்கும் ஒருவருக்கு, அந்த ஒரு மாற்றம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரப் படிப்பை மீட்டுத்தரும்.

---

தெரிந்து தெளிவோம்

வலையொலி – இணையவழித் தொடராக வெளியிடப்படும் ஒலிப்பதிவு.
மையச் செயலகம் – கணக்கீடுகளையும் கட்டளைகளையும் நிறைவேற்றும் உறுப்பு.
முன்னணிப் பணி – செயலியின் பக்கம் திரையில் இல்லாதபோதும், அறிவிப்புப் பலகையைக் காட்டி இயங்கும் பணி.
விழிப்புப் பூட்டு – மையச் செயலகம் உறங்காதபடி செயலி கேட்டுப் பெறும் உரிமை.
முன்சேமிப்பு – ஒலிப்பதற்கு முன்பே இணையத்திலிருந்து பெற்று வைத்துக்கொள்ளும் ஒலித்தரவு.

கற்பவை கற்றபின்...

1. வீட்டிலுள்ள திறன்பேசியில் மூன்று ஒலிச்செயலிகளை இயக்கி, பேசியைப் பூட்டியபின் பூட்டுத்திரையில் எவற்றின் அறிவிப்புப் பலகை தோன்றுகிறது எனக் கண்டு அட்டவணைப்படுத்துக.

2. திரை ஒளிரும் நிலையில் ஒரு மணி நேரமும், திரை அணைந்த நிலையில் ஒரு மணி நேரமும் ஒரே ஒலிநூலைக் கேட்டு, மின்கல விழுக்காடு குறைந்த அளவை ஒப்பிடுக. பாடத்தில் கொண்ட எண்களோடு அது எவ்வாறு வேறுபடுகிறது என எழுதுக.

குறுவினா

1. பாடலின் நடுவில் நிற்காமல் முடிவில் மட்டும் ஒலி நின்றுபோவதற்குக் காரணம் யாது?
2. ஆழ்ந்த உறக்கத்திற்குரிய மூன்று நிபந்தனைகளைக் கூறுக.

சிறுவினா

ஒலி நின்ற இடத்தில் அலைவரிசை நன்றாக இருப்பினும், இணையக் குறைவே காரணமாக இருக்கலாம் என்பதைக் கணக்கின்வழி விளக்குக.

நெடுவினா

'பூட்டிய வீட்டைச் சிறிது திறந்தது ஒன்று. திறந்த வீட்டைச் சிறிது சிறிதாகச் சாத்தியது மற்றொன்று.' இக்கூற்றை இரு இயக்க அமைப்புகளின் வரலாற்றோடு பொருத்திக் கட்டுரைக்க.